கல்யாண மண்டபத்தை ரத்துச் செய்தால் கட்டிய காசை எப்படித் திருப்பிக் கேட்பது?

கேள்வி: "என் தங்கையின் கல்யாணத்துக்குத் திருகோணமலை உவர்மலைப் பக்கம் ஒரு மண்டபம் ஓகஸ்ட் 30க்கு புக் பண்ணியிருந்தோம். வாடகை இரண்டு லட்சம். அதில் முற்பணம் 75,000, காப்புப் பணம் 25,000, மொத்தம் ஒரு லட்சம் கட்டிவிட்டோம். காசு கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பியது, துண்டு மாமாவின் பெயரில் இருக்கிறது. போன கிழமை பெரியப்பா தவறிவிட்டார். ஆட்டைத் திவசம் முடியாமல் கல்யாணம் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். துண்டின் கீழே 'முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று அச்சடித்திருக்கிறது. மண்டபக்காரரின் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது? கடிதம் எப்படி எழுதுவது?"

பெரியப்பாவின் இழப்புக்கு என் அனுதாபங்கள். இந்த நேரத்தில் காசுக் கதை கதைக்கவே மனம் வராது என்பது தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் நாள் போகப் போக உங்கள் பக்கம் பலம் குறையும். அதனால் செத்த வீட்டு வேலைகளுக்கு நடுவிலும் யாராவது ஒருவர் இதைப் பொறுப்பெடுப்பது நல்லது.

நான் பல வருடம் ஒரு மண்டபத்தின் கணக்குப் பார்த்தவன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் ஒரு லட்சம் என்று சேர்த்துச் சொல்வது உண்மையில் இரண்டு வேறு காசு. காப்புப் பணம் என்பது கதிரை உடைந்தால், கழிவறைக் கண்ணாடி வெடித்தால், சோடனைக்காரர் சுவரில் ஆணி அடித்தால் கழிப்பதற்காக வாங்கி வைப்பது. விழா முடிந்த மறுநாள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அதைத் திருப்பிக் கொடுப்பார்கள். உங்கள் ஆட்கள் மண்டபத்துக்குள் காலே வைக்காதபோது அதில் கழிப்பதற்கு எதுவும் இல்லை. துண்டில் அச்சடித்திருக்கும் வரியும் முற்பணத்தைப் பற்றித்தான் சொல்கிறது, காப்புப் பணத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஆகவே அந்த 25,000 உங்களுக்கு வர வேண்டிய காசு. அதைத் தயவாகக் கேட்கத் தேவையில்லை, மரியாதையாகக் கேட்டால் போதும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு "ஒரு லட்சத்தில் ஏதாவது தாருங்கள்" என்று கேட்டால், அவர்கள் 25,000 தந்துவிட்டுப் பெரிய உதவி செய்ததாக முடித்துவிடுவார்கள். இப்படி முடிந்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மிச்சம் 75,000. இதில் நிலைமை வேறு. அச்சடித்த வரிக்குக் கீழே மாமா கையெழுத்து வைத்திருந்தால், அதைக் காட்டித் தர மறுக்க அவர்களுக்கு இடம் இருக்கிறது. அதனால் இதை உரிமை என்று கேட்காமல் வேண்டுகோளாகத்தான் வைக்க வேண்டும். ஆனால் வெறும் வேண்டுகோள் இல்லை, கணக்கோடு வைக்கிற வேண்டுகோள்.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள மண்டபக்காரரின் டயறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுவலக மேசையில் நீளமான டயறி ஒன்று இருக்கும். ஒவ்வொரு நாளுக்கும் புக் பண்ணியவரின் பெயர் பேனையால் எழுதியிருக்கும். ஓரத்தில் பென்சிலால் இரண்டு மூன்று தொலைபேசி இலக்கங்கள் இருக்கும். அதே நாளைக் கேட்டு வந்து, இல்லை என்றதும் "யாராவது விட்டால் எடுத்துச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனவர்களுடைய இலக்கங்கள் அவை. ஆவணியில் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஓரம் அநேகமாக நிரம்பியிருக்கும். ஆடியில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை, புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். இடையில் இருக்கும் ஆவணிக்கு அடிபிடி. அதோடு மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல்களுக்கு வெளிநாட்டுக்காரர் வருகிற காலம். அங்கே மண்டபம் எடுக்க நினைப்பவர்களும் நகரத்துக்குள்தான் திரும்புவார்கள்.

இன்னொன்று. திருகோணமலையில் தமிழரின் பஞ்சாங்கத்தை மட்டும் நம்பி எந்த மண்டபமும் ஓடுவதில்லை. முஸ்லிம் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் அதே மண்டபங்களைத்தான் எடுக்கிறார்கள், அவர்களுடைய நல்ல நாட்கள் வேறு. ஆகவே "இனி இந்த நாளை யார் எடுப்பார்கள்" என்று மனேஜர் சலித்துக்கொண்டால் அதை அப்படியே ஏற்க வேண்டாம். மாமிசம் சமைக்க விடாத கோயில் மண்டபம் என்றால் மட்டும் அந்தப் பேச்சில் ஓரளவு நியாயம் இருக்கும்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், உங்கள் காசு வருமா வராதா என்பதைத் துண்டில் இருக்கும் வரியைவிட அந்த நாள் மறுபடி விலைப்படுமா என்பதுதான் தீர்மானிக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் விட்டால் அவர்கள் பென்சில் இலக்கத்தை எடுத்துக் கதைத்து அன்றைக்கே வேறு ஆளைப் பிடிக்கலாம். மூன்று கிழமைக்கு முன் விட்டால் கல்யாண வீட்டுக்காரர் யாரும் வரமாட்டார்கள், பிறந்தநாள் விழா மாதிரி ஏதாவது அரை நாளுக்கு வந்தால்தான் உண்டு. உங்களிடம் இப்போது கிட்டத்தட்ட எட்டுக் கிழமை இருக்கிறது. அதைப் பாழாக்காதீர்கள்.

எனவே இன்றைக்கே மாமா ஒரு கோல் எடுத்துச் சொல்லட்டும். துண்டில் பெயர் உள்ளவர் அவர்தான், ரத்துச் செய்கிற உரிமையும் அவருக்குத்தான். நீங்களோ அண்ணாவோ கதைத்தால் "புக் பண்ணினவர் வரட்டும்" என்ற பதில் வரும், அதில் ஒரு கிழமை போகும். கோலில் காசைப் பற்றிக் கதைக்க வேண்டாம். "மருமகளின் பெரியப்பா தவறிவிட்டார், கல்யாணத்தைத் தள்ளி வைத்திருக்கிறோம். 30ஆம் திகதியை நீங்கள் வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். நாளைக்குக் கடிதத்தோடு வாறேன்" என்று மட்டும் சொன்னால் போதும். வைத்த உடனே அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வைக்கட்டும். நாளை விட்டுக்கொடுத்த திகதிக்கு அதுதான் சாட்சி.

மறுநாள் நேரில் போக வேண்டும். வெள்ளி, ஞாயிறு வேண்டாம். உள்ளே மேளம் அடிக்கும்போது மனேஜரால் உங்கள் முகத்தைப் பார்த்துக் கதைக்க முடியாது. கிழமை நாளில் பின்னேரம் போனால் ஆறுதலாக இருப்பார். உங்கள் மண்டபம் கோயில் வளவுக்குள் இருந்தால், மாமா அம்மாவின் தம்பியா, அப்பாவின் ஆளா என்றும் பார்க்க வேண்டும். துடக்கு உள்ளவர்கள் 31 முடியும்வரை அங்கே போக முடியாது, பொறுத்திருந்தால் நாட்கள் போய்விடும். அம்மா பக்கத்து மாமா என்றால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் துடக்கில்லாத ஒருவரிடம் மாமா கையெழுத்து வைத்த கடிதத்தைக் கொடுத்து அனுப்புங்கள்.

கடிதத்தை நான் எழுதினால் இப்படி எழுதுவேன். திகதிகளை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

06.07.2026
முகாமையாளர் அவர்களுக்கு,

30.08.2026 மண்டப முன்பதிவை ரத்துச் செய்தல்

மதிப்புக்குரிய ஐயா,

எனது மருமகளின் திருமணத்துக்காகத் தங்கள் மண்டபத்தை மேற்படி திகதிக்கு என் பெயரில் முன்பதிவு செய்து, முற்பணமாக ரூபா 75,000, காப்புப் பணமாக ரூபா 25,000 செலுத்தியிருந்தேன். பற்றுச்சீட்டின் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

மணப்பெண்ணின் பெரிய தந்தையார் காலமானதால் திருமணத்தை ஒரு வருடத்துக்குப் பின் நடத்தத் தீர்மானித்துள்ளோம். ஆகவே 30.08.2026 முன்பதிவை இத்தால் ரத்துச் செய்கிறேன். 05.07.2026 அன்று தொலைபேசியிலும் இதை அறிவித்திருந்தேன். அந்நாளைத் தாங்கள் வேறு எவருக்கும் வழங்கலாம்.

மண்டபத்தை நாங்கள் பயன்படுத்தாததால் காப்புப் பணம் ரூபா 25,000ஐத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முற்பணம் திருப்பித் தரப்படுவதில்லை என்ற தங்கள் நிபந்தனையை அறிவேன். இருப்பினும் எட்டு வாரங்களுக்கு முன்பே அறிவிப்பதையும் எங்கள் வீட்டு நிலைமையையும் கருத்தில் கொண்டு, அந்நாள் வேறு ஒருவருக்கு வழங்கப்பட்டால் தங்கள் அலுவலகச் செலவாக ரூபா 10,000ஐக் கழித்து மீதி ரூபா 65,000ஐத் தந்துதவுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். வழங்கப்படாவிட்டால் பாதித் தொகையையாவது தந்துதவினால் பேருதவியாக இருக்கும்.

தங்கள் முடிவை 20.07.2026இற்கு முன் அறியத் தந்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து, பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம்)

இதில் நிபந்தனையை நாமே எடுத்துச் சொல்வது வேண்டுமென்றுதான். கடிதத்தை வாசிக்கிற மனேஜர் முதலில் தேடுவது அதைத்தான். "அச்சடித்திருக்கிறதே, நீங்கள் பார்க்கவில்லையா" என்று அவர் தொடங்குவதற்கு இடமில்லாமல் போய்விடும், பேச்சு நேராகத் தொகைக்கு வரும். 10,000 கழிக்கச் சொல்வதும் அப்படித்தான். அவர்களுக்கு உண்மையில் செலவு இருக்கிறது. மறுபடி ஆளைத் தேடிக் கோல் எடுக்க வேண்டும், புதுத் துண்டு போட வேண்டும், வருகிற ஆளுக்கு விலையில் கொஞ்சம் குறைக்கவும் நேரலாம். நீங்களாகவே ஒரு தொகையைச் சொன்னால் பேரம் அதைச் சுற்றி நடக்கும். சொல்லாமல் விட்டால் அவர்கள் பாதியில் தொடங்குவார்கள்.

கடிதத்தில் என்ன இல்லை என்பதையும் கவனியுங்கள். சட்டம், பாவனையாளர் அதிகார சபை, சட்டத்தரணி எதுவும் இல்லை. முதல் கடிதத்திலேயே அந்தச் சொற்களைப் போட்டால் மனேஜர் அதை முதலாளியிடம் கொடுப்பார், முதலாளி தன் சட்டத்தரணியிடம் கொடுப்பார், சட்டத்தரணி அச்சடித்த வரியைக் காட்டிப் பதில் எழுதுவார். அத்தோடு கதவு சாத்தியாகிவிடும். செத்த வீட்டுக் கதையையும் ஒரு வரிக்கு மேல் நீட்டவில்லை. ஊருக்குள் எல்லாருக்கும் தெரிந்த துக்கம், விவரித்து எழுதினால் காசுக்காகச் சொல்வது போல் தோன்றிவிடும். மரணச் சான்றிதழின் பிரதியை மாமா கையில் வைத்திருக்கட்டும், கேட்டால் மட்டும் காட்டலாம்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றை அவர்களிடம் கொடுத்து, மற்றதில் "கிடைக்கப்பெற்றேன்" என்று எழுதித் திகதியோடு கையெழுத்தும் மண்டப முத்திரையும் வாங்குங்கள். "எதற்கு இதெல்லாம், எனக்கு ஞாபகம் இருக்கும்" என்பார்கள். "கனடாவில் அண்ணாவுக்குக் காட்ட வேண்டும்" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதானே, யாரும் குறை நினைக்கமாட்டார்கள். அப்படியும் கையெழுத்துத் தர மறுத்தால், அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டு அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். மூலப் பற்றுச்சீட்டை மட்டும் இப்போது கொடுக்க வேண்டாம். பிரதி போதும். காசு கையில் வருகிற அன்றைக்குத்தான் மூலம் கைமாற வேண்டும்.

மனேஜர் என்ன சொல்லக்கூடும்? பெரும்பாலும் "முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பார். அது தட்டிக்கழிப்பு இல்லை, அவருக்குக் காசு திருப்பிக் கொடுக்கிற அதிகாரம் இருக்காது. முதலாளியை எப்போது சந்திக்கலாம் என்று கேட்டு ஒரு நாளை வாங்கிக்கொண்டு வாருங்கள். கோயில் மண்டபமாக இருந்தால் பரிபாலன சபைதான் முடிவெடுக்கும், கூட்டம் எப்போது என்று செயலாளரிடம் கேட்டு அதற்கு முன் கடிதம் அவர் கைக்குப் போக வேண்டும். கூட்டம் முடிந்த மறுநாள் போனால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்ததாக வரக்கூடிய பதிலைப் பற்றித்தான் நீங்கள் கூடக் கவனமாக இருக்க வேண்டும். "காசு திருப்பித் தர முடியாது, ஆனால் கல்யாணம் எப்படியும் நடக்கும்தானே, வேறு நாளுக்கு மாற்றித் தருகிறோம்" என்பார்கள். கேட்க நல்லாக இருக்கும், பலரும் உடனே சரி என்று சொல்லிவிடுவார்கள். உங்களுக்கோ ஆட்டைத் திவசம் முடிந்து 2027 நடுப்பகுதிக்குப் பிறகுதான் நாள் பார்க்க முடியும். அதற்குள் வாடகை ஏறலாம், மாப்பிள்ளை வீட்டார் வேறு ஊரில் மண்டபம் கேட்கலாம், முதலாளி மண்டபத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிடலாம். பிறகு போய்க் காசு கேட்டால், நாள் மாற்றித் தந்ததோடு கணக்கு முடிந்தது என்பார்கள். அதனால் இதை முதல் தெரிவாக எடுக்க வேண்டாம். முற்பணத்தில் ஒரு சதமும் வராது என்று உறுதியான பிறகு மட்டும் எடுங்கள். அப்போதும் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும். 2027 டிசெம்பர் வரை செல்லுபடியாகும், வாடகை இப்போதைய இரண்டு லட்சமே, உங்களுக்குத் தேவைப்படாவிட்டால் உறவினர் ஒருவரின் விழாவுக்கும் பயன்படுத்தலாம். காப்புப் பணத்தை இதற்குள் கரைக்க விடாதீர்கள், அதை எப்படியும் இப்போதே வாங்கிவிடுங்கள்.

"நாள் விலைப்பட்டால் தருகிறோம்" என்று சொன்னால் அது நல்ல பதில். அதையும் கடிதத்தின் உங்கள் பிரதியில் ஒரு வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு நீங்களும் கொஞ்சம் உதவலாம். மண்டபம் தேடுகிற குடும்பம் ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால் அனுப்பி வையுங்கள். ஆள் பிடித்துக் கொடுத்தவருக்குக் காசு இல்லை என்று சொல்வது யாருக்கும் கஷ்டம். ஓகஸ்ட் 30 அன்று மண்டப வாசலில் வாழை கட்டியிருக்கிறதா, மின்விளக்குச் சோடனை இருக்கிறதா என்று அந்தப் பக்கம் போகிற யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். விலைப்படவில்லை என்று சொல்லிக்கொண்டே நாளை வேறு ஆளுக்குக் கொடுத்த கதைகளும் உண்டு. அப்படி நடந்தால் ஒரே நாளுக்கு இரண்டு பேரிடம் காசு வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு முழுத் தொகையையும் நிமிர்ந்து கேட்கலாம்.

20ஆம் திகதி தாண்டியும் பதிலே இல்லை என்றால் இரண்டாவது கடிதம். அது நான்கு வரி போதும். முதல் கடிதத்தின் திகதி, இன்னும் பதில் கிடைக்கவில்லை என்ற விஷயம், 14 நாள் அவகாசம், அதன்பின் மத்தியஸ்த சபையின் உதவியை நாட வேண்டி வரும் என்ற ஒரு வாக்கியம். இதுவும் அதே மரியாதையோடு, "ஐயா" போட்டுத்தான். மத்தியஸ்த சபையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தளவு தொகைத் தகராறு நேரடியாக நீதிமன்றத்துக்குப் போக முடியாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், அங்கே தீராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழோடுதான் வழக்கு வைக்கலாம். அங்கே சட்டத்தரணிகள் வாதாட முடியாது. நீங்கள் ஒரு மத்தியஸ்தரையும் அவர்கள் ஒருவரையும் தெரிவுசெய்ய, அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைவராக எடுப்பார்கள். இருப்பவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் போன்றோர். துடக்கு என்றால் என்ன, ஏன் கல்யாணம் தள்ளிப் போனது என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இப்படியான விஷயம் அங்கே "பாதியைக் கொடுத்து முடியுங்கோ" என்று முடிவதுதான் அதிகம். ஆகவே மண்டபக்காரர் நேரடியாகப் பாதிக்கு வந்தால், வீம்பு பிடிக்காமல் வாங்கிக்கொள்வதுதான் என் ஆலோசனை.

பாவனையாளர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுக்கச் சொல்லிச் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். மண்டபக்காரர் உங்களை ஏமாற்றியிருந்தால், உதாரணமாக ஒரே நாளை இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தால், அது சரியான இடம். இங்கே ரத்துச் செய்தது நீங்கள், அவர்கள் மண்டபத்தைத் தரத் தயாராகவே இருந்தார்கள். முற்பணத்துக்கு அந்த வழி பெரிதாக உதவாது. காப்புப் பணத்தையும் தராமல் இழுத்தால் மட்டும் யோசிக்கலாம்.

காசு தருவதாக ஒத்துக்கொண்ட பிறகும் ஒரு வேலை இருக்கிறது. காசோலை தருவார்களானால் யாருடைய பெயருக்கு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். துண்டு மாமாவின் பெயரில் இருப்பதால் காசோலையும் அவர் பெயருக்குத்தான் வரும். அவருடைய வங்கிப் புத்தகத்தில் இருக்கும் எழுத்துப்படியே பெயரை எழுதிக் கொடுங்கள், முதலெழுத்து ஒன்று மாறினாலும் வங்கியில் திருப்பிவிடுவார்கள். அண்ணா அனுப்பிய காசு என்பதால் மாமாவும் அண்ணாவும் முதலே ஒருமுறை கதைத்துக்கொள்வது நல்லது. பிறகு குடும்பத்துக்குள் சொல் வரக்கூடாது. மண்டபக்காரர் "முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார். பகுதித் தொகை மட்டும் தந்துவிட்டு மிச்சத்தைப் பிறகு தருவதாகச் சொன்னால், அதில் கையெழுத்து வைக்காதீர்கள். "காப்புப் பணம் ரூபா 25,000 மட்டும் பெற்றுக்கொண்டேன், முற்பணம் நிலுவையில்" என்று மாமா தன் கையால் எழுதிக் கையெழுத்து வைக்கட்டும். மூலப் பற்றுச்சீட்டைக் கொடுக்க வேண்டியிருந்தால் அதன் இரு பக்கத்தையும் முதலில் போட்டோக்கொப்பி எடுத்து, "மூலம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது" என்று பிரதியில் எழுதி அவர்களுடைய கையெழுத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள்.